பழம் எவ்வளவு பழுத்திருக்கு, தட்டுல எவ்வளவு இருக்கு

கேள்வி: அம்மாவுக்கு சுகர். மாம்பழம், வாழைப்பழம், பலா, பேரீச்சம்பழம் எல்லாத்தையும் நிறுத்தணுமா? அதிகம் பழுக்காததா பாத்து கொடுத்தா பரவாயில்லையா?

நிறுத்த வேணாம், ஆனா பழுக்காததுன்னு நம்பி அளவ விட்றாதீங்க. எனக்கு இனிப்பு நீர் வந்து ஆறு வருஷம் ஆச்சு, மெட்பார்மின் மட்டும்தான், இத நான் விரல குத்தி குத்தி பாத்து தெரிஞ்சுக்கிட்டது.

இங்க பினாங்குல ஆயர் ஈத்தாம் பாசார்ல ஒரு சீப்பு பீசாங் பெராங்கான் வாழைப்பழம் வாங்கி, நுனி இன்னும் பச்சையா இருக்கிறப்ப ஒண்ண உரிச்சு தராசுல வச்சு 60 கிராம் எடுத்து, சாயந்தரம் வேற எதுவும் சேர்க்காம சாப்பிட்டேன். முன்ன சுகர் 6.2 mmol/L, ஒரு மணி நேரம் கழிச்சு 7.5. நாலு நாள் கழிச்சு அதே சீப்புல தோல் பூரா கரும்புள்ளி விழுந்த பழம், அதே 60 கிராம், 6.1ல இருந்து 8.4 போயிடுச்சு. மீட்டரே கொஞ்சம் முன்ன பின்ன காட்டும், அதனால அடுத்தடுத்த சீப்புலயும் மூணு தடவ பாத்தேன், அப்பவும் புள்ளி விழுந்ததுதான் கூட ஏத்துச்சு. காயா இருக்கிறப்ப அதுல உள்ள மாவுச்சத்துல ஒரு பங்கு செரிக்காம பெருங்குடலுக்கு போயிடும், பழுக்க பழுக்க அது சர்க்கரையா மாறிடும், அதான் காரணம். (வாழைக்காய வேக வச்சா அந்த மாவும் நல்லா செரிச்சிடும், அதனால காய்கறி கணக்குல சேர்க்காதீங்க, சோத்து கணக்குல சேருங்க.)

ஆனா ஒரு நாள் மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோட பச்ச நுனி பழம் ரெண்டு சாப்பிட்டேன், பச்சதானேன்னு. ரெண்டு மணி நேரத்துல 11.3! எங்க டாக்டர் எனக்கு சொன்ன எல்லை 8.5.

அதுக்கப்புறம் நான் வச்சிருக்கிற கணக்கு, ஒரு வேளைக்கு மாவும் சர்க்கரையும் சேர்த்து 15 கிராம் வர்ற அளவு பழம், அதுவும் சோத்தோட இல்லாம தனியா. மாம்பழத்துல அது சதை மட்டும் 100 கிராம், ஹருமானிஸ் சீசன்ல முழு பழத்த அறுத்து தட்டுல வச்சா ரெண்டு மூணு பங்கு போயிடும், அதனால ஒரு பக்க சதைல 100 கிராம் மட்டும் வெட்டிட்டு மிச்சத்த உடனே மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க. பலா அத விட அடர்த்தி, கொட்டை நீக்கி 65 கிராம், சுளை பெருசா இருந்தா ரெண்டு மூணுதான், அவிச்ச கொட்டையும் மாவுதான். பேரீச்சம்பழத்துலதான் எல்லாரும் ஏமாந்து போறது, அது தண்ணி வத்துன பழம், பெரிய மெட்ஜூல் ஒண்ணுலயே 18 கிராம் இருக்கு, நோன்பு மாசத்துல பக்கத்து வீட்டுல இருந்து டப்பா வந்தா அம்மாவுக்கு சின்ன வகைல ரெண்டு, மெட்ஜூல்னா பாதி கொடுங்க.

அம்மாவுக்கு கிட்னி பிரச்சனையும் இருந்தா வாழைப்பழம், பேரீச்சம்பழம் பொட்டாசியத்த ஏத்தும், கிளினிக்ல கேட்டுட்டு கொடுங்க.