அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்றால் வருமானச் சான்று

"அப்பா கொத்தனார், அம்மா தையல் கம்பெனி. அம்மாவின் சம்பளச் சீட்டை மட்டும் இணைத்தேன், திருப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு என்ன காட்டுவது?"

தம்பி, அப்பாவுக்குச் சீட்டு தேவையில்லை; இ-சேவையில் REV-103 என்ற வருமானச் சான்று விண்ணப்பத்தோடு வரும் சுய உறுதிமொழிப் படிவம்தான் அதற்கு. அதில் இருவர் வருமானமும் இருக்க வேண்டும். அப்பாவுக்கு நாளுக்கு 600 ரூபாய், மாதம் 20 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 1,44,000. அம்மாவுக்கு மாதம் 9,000 என்றால் 1,08,000. மொத்தம் 2,52,000. இதே தொகையை விண்ணப்பத்திலும் போடுங்கள். மாத வருமானத்தை ஆண்டுக் கட்டத்தில் போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. குடும்ப அட்டையையும் சேருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகே படிவத்தை ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தால் அப்பாவும் இதே கணக்கைச் சொல்லட்டும். என் வீட்டில் அப்பா கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்லிவிட்டார்!