ஆசிரியரின் பணி ஓய்வு வீடியோ: கிளிப் கேட்பது முதல் ஹாலில் ஓட்டுவது வரை

பள்ளி விழாக்களுக்கு எடிட்டிங் செய்யும் உறுப்பினர் ஒருவர், மற்றவர்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.

98 பேட்ச் மாணவி: அக்கா, எங்க கணக்கு சாருக்கு மே மாசம் ரிட்டயர்மென்ட். குரூப்பில் "சாரைப் பத்திப் பேசி அனுப்புங்க"ன்னு போட்டேன். 46 கிளிப், மொத்தம் 38 நிமிஷம். பாதிப் பேர் "சார் எங்களுக்கு அப்பா மாதிரி"ன்னு ஒரே மாதிரி பேசறாங்க. யாரையும் விட்டாலும் சண்டை வரும்.

"பேசி அனுப்புங்க" என்றால் எல்லோருக்கும் மேடைப் பேச்சுதான் வரும். இன்னும் நாள் இருந்தால் ஏழெட்டுப் பேரிடம் மட்டும் மறுபடி கேளுங்கள், பதில் ஒன்றே ஒன்றாக இருக்கும் கேள்வியாக: சாரிடம் நீ மாட்டிக்கொண்ட நாள் எது? வகுப்பில் சார் அடிக்கடி சொல்லும் வார்த்தை எது? இப்படிக் கேட்டால்தான் சம்பவம் வரும்.

வந்திருக்கும் 46-ஐ ஆளுக்குப் பத்து வினாடி என்று சமமாக நறுக்காதீர்கள். 7 நிமிடம் 40 வினாடி ஆகும், ஒன்றும் மனதில் நிற்காது. நிஜமான சம்பவம் சொல்லும் ஆறு பேரை எடுத்து ஆளுக்கு 35 வினாடி கொடுங்கள், மூன்றரை நிமிடம். மீதி 40 பேரும் ஆளுக்கு மூன்று வினாடி வரட்டும்: முகம், பெயர், ஒரு "வணக்கம் சார்". அது இரண்டு நிமிடம். போட்டோக்களுக்கு இரண்டரை நிமிடம். மொத்தம் எட்டு. யாரும் விடுபடவில்லை. முழு 38 நிமிடத்தையும் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு சார் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் நிதானமாகப் பார்ப்பார்.

நீளமான கிளிப்பை வெட்டும் இடமும் முக்கியம். "எல்லோருக்கும் வணக்கம், என் பெயர்..., நான் இந்தப் பள்ளியில்..." என்பதிலேயே பத்துப் பன்னிரண்டு வினாடி போய்விடும். அதை எடுத்துவிட்டுப் பெயரையும் பேட்சையும் கீழே எழுத்தில் போடுங்கள். "ஒரு நாள் நோட்டு கொண்டுவரல..." என்ற இடத்தில் படம் தொடங்கட்டும். முடிவில் கடைசிச் சொல்லுக்குப் பிறகு அரை வினாடி விடுங்கள், இல்லாவிட்டால் பேச்சைக் கடித்துத் துப்பியது போல இருக்கும். போனை அணைக்க நீளும் கை தெரிவதற்கு முன் நிறுத்திவிடுங்கள்.

ஒரே விஷயத்தைப் பலர் சொன்னால் அதையும் வீணாக்க வேண்டாம். எட்டுப் பேர் சாருடைய "புரியுதா இல்லையா?"வைச் சொல்லியிருந்தால், எட்டையும் அடுத்தடுத்து ஒரு வினாடி வீதம் ஒட்டுங்கள். ஹாலில் பெரிய சிரிப்பு அங்கேதான் எழும்.

ஒரு குரூப் அட்மின்: வாட்ஸ்அப்பில் HD தட்டி அனுப்பினா ஒரிஜினல் தரம் அப்படியே வந்துடும். இதை எல்லாருக்கும் சொல்லிட்டேன், சரிதானே?

பாதி சரி. சாதாரணமாக அனுப்புவதைவிட நன்றாக வரும், ஆனால் அதுவும் சுருக்கித்தான் அனுப்பும். பெரிய திரையில் முகத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான். பேப்பர் கிளிப் குறியைத் தட்டி Document வழியாக அனுப்பச் சொல்லுங்கள், ஃபைல் மாறாமல் வரும். போட்டோவுக்கும் அதே வழிதான். ஏற்கெனவே ஒரு குரூப்பில் வந்ததை ஃபார்வேர்டு செய்தால் பயனில்லை, எடுத்தவர் போனிலிருந்தே வர வேண்டும்.

கல்லூரி மாணவர்: பாதிப் பேர் போனை நட்டமா வச்சு எடுத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருது.

பட்டையை மறைக்க முகத்தைப் பெரிதாக்கினால் நெற்றியும் தாடையும் போய்விடும். 1920-க்கு 1080 திரையில் நட்டமான படம் முழு உயரத்துக்கு நின்றால் அகலம் ஏறத்தாழ 608 தான். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1824, கச்சிதமாக அடங்கும். அந்த மூன்று வினாடி வணக்கங்களை இப்படி மூன்று மூன்றாக நிறுத்துங்கள். ஒருவர் பேசும்போது மற்ற இருவர் அசையாமல் இருக்கட்டும், ஒலி ஒன்றுதான். தனியாகப் பேசும் நட்டமான கிளிப்புக்கு மட்டும் பின்னால் அதே படத்தை மங்கலாக்கி விரியுங்கள். எல்லாவற்றுக்கும் இதையே செய்தால் பார்க்க அலுப்பாகிவிடும்.

எடிட்டிங் பழகுபவர்: சில கிளிப்பில் ஆரம்பத்துல உதடும் குரலும் சரியா இருக்கு, போகப் போக விலகுது. எக்ஸ்போர்ட்டில் 30 ஃபிரேம்னு மாத்தினேன், போகல.

காரணத்தை நெருங்கிவிட்டீர்கள், மாற்றிய இடம்தான் தவறு. போன்கள் வெளிச்சத்துக்குத் தக்கபடி வினாடிக்கு 30, 27, 24 என்று மாறி மாறிப் பதியும். சில எடிட்டர்கள் அதைச் சீரான 30 என்று எடுத்துக்கொள்ளும், விலகல் அங்கேயே நடந்துவிடும். ஆகவே டைம்லைனில் போடுவதற்கு முன், ffmpeg என்ற இலவச மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுத்து மாற்ற வேண்டும்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -ar 48000 out.mp4
```

கட்டளை எழுத வராதவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் Constant Framerate தேர்ந்தெடுத்தால் போதும். தொடக்கம் முதலே ஒரே அளவு விலகியிருந்தால் அது வேறு கோளாறு. ஒலியை மட்டும் நகர்த்திச் சரிசெய்யலாம்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை: என் கேஸ் வேற. 1989 குரூப் போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, கண்ணாடி போட்ட ஃப்ரேமில். செல்லில் எடுத்தா ட்யூப் லைட் விழுது.

மேடம், ஃப்ரேமின் பின்பக்க ஆணியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருந்தால் மட்டும் இழுக்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியென்றால் கண்ணாடியோடே எடுக்க வேண்டியதுதான்: அறை விளக்கை அணைத்து, ஜன்னலின் பக்கவாட்டு வெளிச்சத்தில், போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் பிரதிபலிப்பு அடங்கும். வெளியே எடுக்க முடிந்தால் 600 டிபிஐ ஸ்கேன் வையுங்கள். ஐம்பது முகத்தில் ஒரு முகத்தைப் பெரிதாக்கிக் காட்ட அந்த அளவு வேண்டும். திரையில் முழுப்படம் மூன்று வினாடி, பிறகு மெதுவாக நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரை நோக்கி ஐந்து வினாடி. வேகமாக நகர்த்தினால் யாரும் தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

98 பேட்ச் மாணவி: எங்க பேட்ச்ல ரெண்டு பேர் இப்ப இல்லை. அவங்க போட்டோ போடணுமா?

முதலில் வீட்டாரிடம் கேட்க வேண்டும், அது மட்டும் நிச்சயம். போடுவதானால் தனிப் பகுதியாக, சோக இசையோடு வேண்டாம் என்பது என் எண்ணம். பழைய வகுப்புப் படங்களுக்கு நடுவே மற்றவர்களைப் போலவே வந்துபோகட்டும்.

ஒரு குரூப் அட்மின்: இதுல எனக்கு உடன்பாடு இல்லை. பேர் சொல்லாம காட்டினா மறைச்ச மாதிரி இருக்கும்.

இருக்கலாம். எனக்கு ஹாலில் ஆசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான் முன்னால் நிற்கிறது. உங்கள் பேட்ச்தான் முடிவு செய்ய வேண்டும்.

தலைமையாசிரியர்: போன வருஷம் படம் ஓடுச்சு, சத்தம் வரல. பத்து நிமிஷம் போச்சு.

எச்டிஎம்ஐ மாட்டியதும் லேப்டாப் ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பியிருக்கும், சார். அதன் சின்ன ஸ்பீக்கர் ஹாலில் கேட்காது. லேப்டாப்பின் ஒலி அமைப்பில் ஹெட்போன் துளையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து மைக் செட்காரரின் மிக்சருக்கு ஒயர் போக வேண்டும். அந்த ஒயரை அவரிடம் முந்தைய நாளே கேட்டு வாங்கி வையுங்கள். "ங்ங்" என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கும். படத்தை விழா நடக்கும் அதே நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்: காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளுத்துவிடும், கறுப்புப் பின்னணியில் போட்ட போட்டோக்கள் சுத்தமாகத் தெரியாது. திரைச்சீலை இல்லாத ஹாலானால் புரொஜெக்டருக்குப் பதில் பெரிய டிவி வாடகைக்கு எடுங்கள்.