போன் நின்றுபோனால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, என் சாம்சங் போன் காலையிலிருந்து அப்படியே நிற்கிறது. பவர் பட்டனுக்கும் அசையவில்லை. பேட்டரியைக் கழற்றவும் வழியில்லை. (அம்பாசமுத்திரம்)

பதில்: வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து 7 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். திரை கறுத்து, கம்பெனி பெயர் வந்ததும் கையை எடுக்கலாம். மூன்று வினாடியில் விட்டுவிட்டு ‘செய்து பார்த்தேன், வரவில்லை’ என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். போட்டோவோ நம்பர்களோ அழியாது.

பட்டன் மாறிப் பிடித்து, கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள் வந்துவிட்டால் Reboot system now என்பதைத் தேர்ந்தெடுத்து வெளியே வாருங்கள். அங்கேயே Wipe data/factory reset என்று ஒன்று இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள், மொத்தமும் துடைத்துவிடும்.

கேள்வி: ஐபோன் 11-க்கும் இதே முறைதானா? (வள்ளியூர்)

பதில்: இல்லை. வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, உடனே பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் படம் வரும் வரை பிடிக்க வேண்டும்.

கேள்வி: போன் கீழே விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. இரண்டு நாளில் டச் சுத்தமாகப் போய்விட்டது. ரீஸ்டார்ட் செய்தும் அப்படியே. கடையில் ‘டிஸ்ப்ளேயும் டச்சும் ஒன்றாகச் சேர்ந்த காம்போவை மாத்தணும், 4,200 ரூபாய்’ என்கிறார்கள். நம்பலாமா? (பாளையங்கோட்டை)

பதில்: திரையில் மணி ஓடுகிறதா என்று பாருங்கள். நிமிடம் மாறாமல் நின்று, பவர் பட்டனுக்கும் திரை அணையவில்லை என்றால் போன் உள்ளே ஹேங் ஆகியிருக்கிறது. மணி ஓடுகிறது, கூப்பிட்டால் ரிங் போகிறது, விரலுக்கு மட்டும் அசையவில்லை என்றால் டச் பழுது.

அதை உறுதி செய்ய ஓடிஜி கனெக்டர் ஒன்று வாங்கி, வீட்டுக் கம்ப்யூட்டரின் மவுஸை போனில் செருகுங்கள். அம்புக்குறி வந்து, அதைக் கிளிக் செய்தால் போன் கேட்கிறது என்றால் போன் உள்ளே ஓடுகிறது, டச் மட்டும்தான் செத்திருக்கிறது. மவுஸாலேயே பேட்டர்ன் லாக்கை வரைந்து, படங்களை அப்போதே வெளியே எடுத்துவிடலாம். அம்புக்குறி வராவிட்டால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள். சில கம்பெனி போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் முன்பே ஆன் செய்திருக்க வேண்டும்.

உங்கள் போன் விழுந்தது, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. அதனால் ஹார்டுவேர் பழுதாகத்தான் தெரிகிறது. ஆனால் விழுந்த அதிர்ச்சியில் உள்ளே டிஸ்ப்ளே கனெக்டர் லேசாகக் கழன்றிருந்தாலும் இப்படித்தான் ஆகும். முதலில் அதை எடுத்து மறுபடி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் வரவில்லை என்றால், புது காம்போவை ஒட்டுவதற்கு முன் வெளியே வைத்தே மாட்டி, உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். புதுசிலும் டச் வேலை செய்யவில்லை என்றால் பழுது போர்டில் இருக்கிறது, 4,200 வீண்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். என் போன் ஒருநாள் 6.40 மணியில் நின்றது. கடைக்காரர் ‘டிஸ்ப்ளே அவுட்’ என்றார், 2,800 ரூபாய் கொடுத்தேன். மூன்று வாரத்தில் மறுபடி அதே மாதிரி நின்றது. தங்கச்சி மகன் இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடித்தான், உயிர் வந்துவிட்டது. ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்திருக்கிறது, அவ்வளவுதான். கழற்றிய நல்ல டிஸ்ப்ளேயை நான் கேட்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை. அது இப்போது யார் போனில் ஒளிர்கிறதோ! அதனால்தான் எல்லாரிடமும் நச்சரிக்கிறேன்: கழற்றிய பழைய டிஸ்ப்ளேயைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் அந்தத் தொகையை பில்லில் கழிக்கட்டும்.

கேள்வி: சார்ஜ் போடும்போது மட்டும் திரை தானாகவே தாவுகிறது, சில சமயம் டச் எடுப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் 120 ரூபாய்க்கு வாங்கிய சார்ஜர். (மேலப்பாளையம்)

பதில்: பழுது போனில் இல்லை, 120 ரூபாயில். தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: திரையின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் டச் இல்லை. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன். ஆறு மாதம் தாங்குமா? (நாங்குநேரி)

பதில்: பேட்டரி வீங்கித் திரையைத் தள்ளுகிறது, நீங்கள் அதை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறீர்கள்! ரப்பர் பேண்டைக் கழற்றி, போனை அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். இன்றே பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: காம்போ மாற்றி 15 நாளில் டச் மறுபடி போனது. பில் தரவில்லை. ‘டிஸ்ப்ளேக்கு கேரண்டி கிடையாது’ என்று விரட்டுகிறார். கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசு அண்ணாச்சி. (திருநெல்வேலி ஜங்ஷன்)

பதில்: மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. விடாதீர்கள். வேலை செய்துவிட்டு பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஜிபேயில் கொடுத்தீர்களா? அந்தச் சான்று இப்போது செத்த போனுக்குள் மாட்டியிருக்கும். வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.