இருப்பு சரி, புகார் மட்டும் ஏன்?

“எங்கள் பகுதி நியாய விலைக் கடையில் துவரம்பருப்பு இருப்பும் பதிவேடும் கிலோ பிசகாமல் பொருந்துகின்றன. ஆனால், வாங்காத பருப்புக்குக் குறுஞ்செய்தி வந்ததாக அட்டைதாரர்கள் சொல்கிறார்கள். தணிக்கையில் எதைப் பார்ப்பது?”

மாதக் கடைசி இருப்பு பொருந்துவதை நம்பாதீர்கள் ஐயா. போலி பில் போடுவதே அதைப் பொருத்தத்தான். நாள்வாரியாக இருப்பைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். தொடக்க இருப்பு 40 கிலோ, 11ஆம் தேதி வரவு 300, மாத விற்பனை 310, மீதி 30. தராசிலும் 30தான். ஆனால் 10ஆம் தேதி மாலைக்குள் அட்டைக்கு ஒரு கிலோவாக 72 பில்கள் விழுந்திருந்தால்? கடையில் இல்லாத 32 கிலோவை யார் வாங்கினார்கள்?

உடனே விற்பனையாளரைக் குற்றம் சாட்டிவிடாதீர்கள். லாரி 8ஆம் தேதியே வந்து, வரவைத் தாமதமாக எழுதியிருக்கலாம் (சோம்பலும் உண்டு). கிடங்கு ரசீதின் தேதியைப் பாருங்கள். அதிலும் 11 என்றால், 41ஆவது பில்லிலிருந்து அட்டை எண்களைக் குறித்துக்கொண்டு வீடுகளுக்குச் செல்லுங்கள். “பருப்பு வாங்கினீர்களா?” என்று கேட்காமல், “இந்த மாதம் என்னென்ன வாங்கினீர்கள்?” என்று கேளுங்கள். பதிலைக் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள்.