மாங்கனி கண்காட்சியில் அவரைப் பார்த்தபோது

வணக்கம் அக்கா,

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஊர். சொந்த அத்தை மகனுக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒத்துவரவில்லை. சில வருடங்களுக்கு முன் இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து வாங்கிக்கொண்டோம். அடி, சண்டை என்று எதுவும் இல்லை. குழந்தையும் இல்லை. அவருக்கு மறுபடி கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான்.

இந்த வருடம் கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சிக்கு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மாம்பழ ரகங்களை அடுக்கியிருந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போது திரும்பினால் பக்கத்தில் அவர், அவர் மனைவி, பையன். "நல்லா இருக்கியா?" என்றார். பதற்றத்தில் என் வேலை, அப்பாவின் சர்க்கரை, வீட்டுக்கடன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில் அவர் மனைவியிடம், "இவருக்குப் பங்கனப்பள்ளி பிடிக்காதே, நீலம்தானே பிடிக்கும்" என்றும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அடுத்த மாதம் எங்கள் ஊரில் பாரதக் கூத்து. படுகளத்தன்று அவர் குடும்பத்தோடு வருவார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். எப்படி நடந்துகொள்வது? போகாமல் இருந்துவிடலாமா? அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பலாமா?

ம.

அன்புள்ள ம.,

படுகளத்துக்குப் போங்கள். மெசேஜ் அனுப்ப வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்காட்சியில் நீங்கள் பேசியதில் தவறில்லை. கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்ட பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால்தான் அது பேச்சாகியிருக்கும். பேச்சை எங்கே முடிப்பது என்று தெரியாமல் போனதுதான் சிக்கல். பழைய கணவரையோ மனைவியையோ எதிர்பாராமல் பார்த்தால் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். ஆரம்பம் தானாகவே நடந்துவிடும், யாராவது ஒருவர் "நல்லா இருக்கியா" என்றால் போதும். அதற்கப்புறம் விழும் சின்ன மௌனத்தைத்தான் தாங்க முடிவதில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு அதை நிரப்பப் பார்க்கிறோம். உங்கள் அப்பாவின் சர்க்கரையும் வீட்டுக்கடனும் அப்படி வந்தவைதான்.

அதனால் கடைசி வாக்கியத்தை முதலில் தயார் செய்துகொள்ளுங்கள். அதில் கண்ணுக்குத் தெரிகிற உண்மையான காரணம் ஒன்று இருக்க வேண்டும். "வேலை இருக்கு" என்று கண்காட்சியில் நின்றுகொண்டு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாளே, அவளே போதுமான காரணம். அதை வைத்து அன்றைய பேச்சு எப்படிப் போயிருக்கலாம் என்று பார்ப்போம்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?" இதைச் சொல்லிவிட்டு உடனே அவர் மனைவி பக்கம் திரும்புகிறீர்கள். "வணக்கங்க. பையன் பேரு என்னங்க?"

அந்தப் பெண் பேரைச் சொல்கிறார்.

"நல்ல பேரு. அத்தை நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. முட்டிவலிதான்."

"நான் கேட்டேன்னு சொல்லுங்க. சரிங்க, இவ ராட்டினம் ஏறணும்னு அப்போதிருந்து கேட்டுட்டிருக்கா. நாங்க வர்றோம்."

இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. விசாரித்ததும் ஆயிற்று, மரியாதையும் குறையவில்லை, யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவும் இல்லை.

இதில் கவனிக்கச் சில விஷயங்கள் உண்டு. அவர் "இருக்கியா" என்று ஒருமையில் கேட்டார். சின்ன வயதிலிருந்து பழகிய முறைப்பிள்ளை, வாயில் அப்படித்தான் வரும். அதைத் திருத்தப் போக வேண்டாம். நீங்கள் மட்டும் "ங்க"வை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பே அவரை "மாமா" என்று கூப்பிட்டுப் பழகியிருப்பீர்கள். முறைப்படி இன்றைக்கும் அது சரிதான். ஆனால் அந்தப் பெண்ணின் காதில் அது வேறு மாதிரி விழும். பேரும் வேண்டாம், முறையும் வேண்டாம். எதையும் சொல்லிக் கூப்பிடாமலே நம்மால் ஒரு முழு உரையாடலை நடத்த முடியும். மேலே எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள், அதில் நீங்கள் அவரைக் கூப்பிடவே இல்லை.

அத்தை விஷயம் வேறு. அவர் உங்கள் அப்பாவுடன் பிறந்தவர். உங்கள் விவாகரத்து அந்த உறவைத் தொடாது. அதனால் அவரை விசாரிப்பது உங்களுக்கு இயல்பாகவே அமையும். நம் மாவட்டங்களில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த எத்தனையோ குடும்பங்களில் இதே நிலைமைதான். கணவன் மனைவி பிரிந்தாலும் அத்தையும் மாமனும் அப்படியே இருக்கிறார்கள். அசலில் கல்யாணம் செய்து பிரிந்தவர்கள் என்றால் மாமியாரைத் தனியாகக் குறிப்பிடாமல் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று பொதுவாகக் கேட்பது நல்லது.

இனி அந்த நீலம் மாம்பழத்துக்கு வருவோம். அதை நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிகிறது. மேசையில் பழம் இருந்தது, பழைய நினைவு வாயில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். தன் கணவருக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்பதை, அவரோடு முன்பு வாழ்ந்த ஒருத்தி, பொது இடத்தில், "பிடிக்காதே" என்று திருத்திச் சொல்கிறாள். அது பழத்தைப் பற்றிய பேச்சாக அவருக்குக் கேட்டிருக்காது.

இந்த மாதிரி வாக்கியம் வாய்வரை வரும்போது உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இவரோடு ஒரே வீட்டில் இருந்ததால் மட்டும் எனக்குத் தெரிந்த விஷயமா இது? ஆம் என்றால் அதைப் பேசக் கூடாது. அவருக்குக் காரம் ஆகாது, ராத்திரி லேட்டாகத் தூங்குவார், அந்தச் சட்டை நாம் வாங்கிக் கொடுத்தது, எல்லாம் இதில் அடங்கும். "இளைச்சுட்டீங்களே" என்பதும் அப்படித்தான். பழைய உடம்பைத் தெரிந்தவர்தான் அதைச் சொல்ல முடியும். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடமும் சொல்லக்கூடியதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். "எத்தனை ரகம் வச்சிருக்காங்க பாருங்க" என்பதில் யாருக்கும் எதுவும் இல்லை.

மன்னிப்பு மெசேஜ் வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், அந்தப் பெண் இதற்குள் அதை மறந்திருக்கலாம், அல்லது கணவரிடம் பேசித் தீர்த்திருக்கலாம். உங்கள் மெசேஜ் போனால் மறுபடி அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச வேண்டி வரும். அடுத்த முறை நேரில் பார்க்கும்போது அவரிடம் முதலில் ஒரு வணக்கம் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய சமாதானம் இதற்குத் தேவையில்லை.

படுகளத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கண்காட்சியில் திடீரென்று மாட்டிக்கொண்டீர்கள். இங்கே அவர் வருவார் என்று முன்பே தெரியும். மண்ணில் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்து, அதைச் சுற்றித்தான் ஊர் வட்டமாக நிற்கும். பீமனும் துரியோதனனும் அந்த மண் உருவத்தின் மேலேயே ஓடித் துரத்திச் சண்டை போடும்போது கூட்டம் அலைமோதும். வட்டம் என்பதால் எதிர்ப்பக்கத்தில் அவர் நின்றால் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார். அதற்குச் சின்ன ஏற்பாடு போதும். முதல் முறை பார்வை சந்திக்கும்போது லேசாகத் தலையசைத்துவிடுங்கள். அத்தோடு வணக்கம் சொன்ன கணக்குத்தான். அப்புறம் ஒவ்வொரு முறையும் சிரிக்க வேண்டியதில்லை. சங்கடமாக இருந்தால் நகர்ந்து அவர்கள் நிற்கிற அதே பக்கத்தில், நாலு பேர் தள்ளி நின்றுகொள்ளுங்கள். பக்கவாட்டில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள்.

நெருங்கிப் பேச வேண்டி வந்தால், நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போது பேசுங்கள், உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். உட்கார்ந்த பேச்சு நீளும். போகிற பக்கம் பாதி உடம்பு திரும்பியிருக்கட்டும். கையில் பூத்தட்டோ பையோ இருந்தால் பதற்றமான விரல்களுக்கு ஒரு வேலை கிடைக்கும். அத்தையும் கூட இருந்தால் முதலில் அவரைத்தான் கும்பிட வேண்டும், பெரியவர் அவர். ஒருவேளை அவர் முகம் கொடுக்காவிட்டால் இரண்டாவது முறை கூப்பிடாமல் நகர்ந்துவிடுங்கள்.

அவரே பேச்சை வளர்த்தால்? "நம்பர் அதேதானா?" என்று கேட்டால், "ஏதாவது சொல்லணும்னா அப்பாவுக்குப் போடுங்க" என்று சொல்லலாம். உங்கள் அப்பா அவருக்குத் தாய்மாமன்தானே, அதில் கோபத்துக்கு இடமில்லை. "ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போலாமே" என்றால், "இப்பதான் குடிச்சேன், நீங்க குடிங்க" என்று நகர்ந்துவிடலாம். ராத்திரி வீட்டுக்குப் போய் "இன்று பார்த்ததில் மகிழ்ச்சி" என்று எழுதாதீர்கள். ஒரு நிமிடத்தில் கௌரவமாக முடிந்ததைப் பல பேருக்கு அந்த மெசேஜ்தான் மறுபடி ஆரம்பித்துவைக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இவ்வளவும் ம. போல அமைதியாகப் பிரிந்தவர்களுக்குத்தான். அடித்த கணவனுக்கோ மிரட்டிய கணவனுக்கோ வணக்கம் சொல்ல யாருக்கும் கடமையில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணைக்கு வந்தவரோடு அங்கிருந்து கிளம்பலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் கீழ் நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டு, தொடர்புகொள்ளக் கூடாது என்று அதில் சொல்லியிருந்தால், அவர் வந்து பேசுவதே குற்றம். பெண்கள் உதவி எண் 181. பரஸ்பர விவாகரத்துக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் இருப்பவர்கள் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நகை, சீர், பணம் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் "வக்கீல் மூலமா பேசிக்கலாங்க" என்று சொல்லி விலகிவிடுங்கள்.

ம., உங்கள் ஊர் விஷயத்தில் எனக்கு அவரைப் பற்றியோ அவர் மனைவியைப் பற்றியோ பயமில்லை. இரண்டு பக்கமும் சொந்தமான ஏதோ ஒரு சித்தியோ பாட்டியோதான் உங்கள் கையைப் பிடித்து இழுத்து, "ஏண்டி, மாமன் வந்திருக்கான், வந்து ஒரு வார்த்தை பேசு" என்று நடுவில் நிறுத்தப் பார்ப்பார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் போனவுடனே, கூட்டம் சேருவதற்கு முன், அந்த ஒரு நிமிட வணக்கத்தை நீங்களாகவே முடித்துவிடுங்கள். அப்புறம் பாட்டி இழுத்தால், "அப்பவே பேசிட்டேன் பாட்டி, எல்லாரும் நல்லா இருக்காங்களாம். நீங்க வாங்க, முன்னாடி எடம் பிடிச்சு வச்சிருக்கேன்" என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

அன்புடன்,
அக்கா