பூட்டிய பலகை பாதி விலைக்கு வந்தால்

கேள்வி: ஒரு நிறுவனம் தன் பழைய தகவல் திரைகளைக் கழற்றி, உள்ளே இருந்த ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 பலகைகளைப் பாதி விலைக்குத் தருகிறது. "செக்யூர் பூட் போட்டிருக்கிறோம். ஃபார்மட் செய்தால் போய்விடும்" என்கிறார் விற்பவர். பத்துப் பலகைகள் வாங்கலாமா?

பதில்: அந்த வாக்குறுதியை நம்பி வாங்காதீர்கள். ஃபார்மட் செய்தால் அழிவது சேமிப்பகம் மட்டும்தான். செக்யூர் பூட் என்பது உரியவர் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் ஏற்பாடு. அது முறைப்படி போடப்பட்டிருந்தால் அதன் பூட்டு இருப்பது சேமிப்பகத்தில் அல்ல, செயலிச் சில்லுக்குள். அட்டையை மாற்றினாலும், அடியோடு அழித்துப் புதிதாக எழுதினாலும் அந்தப் பூட்டு அப்படியே இருக்கும்.

அந்தத் தகவல் திரைகளை உருவாக்கியவர்கள் ஆர்எஸ்ஏ முறையில் 2048 பிட் சாவி ஜோடி ஒன்றைத் தயாரிக்கிறார்கள். ரகசியச் சாவி அவர்களிடமே இருக்கும். பொதுச் சாவியிலிருந்து கணக்கிடும் 256 பிட் கைரேகை, சில்லுக்குள் இருக்கும் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய நினைவகத்தில் பதிக்கப்படுகிறது. `program_pubkey=1` என்ற அமைப்புடன் இதைச் செய்வார்கள். அதன்பின், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் `boot.img` என்ற கோப்பையும் அதன் கையொப்பமான `boot.sig` என்ற கோப்பையும் தேடும். கையொப்பம் அந்தச் சாவியுடையதாக இல்லையென்றால் இயங்குதளம் தொடங்கவே தொடங்காது. பூட்லோடரின் அமைப்புக் கோப்பும் அதே சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்பதால், அதை மாற்றித் தப்பவும் வழியில்லை.

இதைத் திரும்பப் பெற முடியாததற்குக் காரணம் மென்பொருள் விதி அல்ல, பௌதிக மாற்றம். ஒருமுறை எழுதும் நினைவகத்தை இரண்டு விதமாக அமைப்பார்கள். ஒன்றில் மெல்லிய கடத்திக் கீற்றின் வழியே அதிக மின்னோட்டம் செலுத்தி அதைச் சிதைத்துவிடுகிறார்கள். மற்றொன்றில் மெல்லிய காப்புப் படலத்தை மின்னழுத்தத்தால் உடைத்து, கடத்தாத இடத்தைக் கடத்த வைக்கிறார்கள். எந்த வகையானாலும் 0 என்ற பிட்டை 1 ஆக்கலாம், 1 ஐ மீண்டும் 0 ஆக்க முடியாது. மீதமுள்ள 0 களையும் எரித்து வேறு கைரேகையாக மாற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். சில்லு அதை அனுமதித்தாலும் பயனில்லை. அப்படி உருவாகும் 256 பிட் எண்ணுக்குப் பொருந்தும் சாவியைக் கண்டுபிடிக்க யாராலும் இயலாது. பலகை இன்னும் உறுதியாகச் செத்துப்போகும்.

விற்பவர் முழுப் பொய் சொல்கிறார் என்றும் நான் சொல்லமாட்டேன். கைரேகையைப் பதிக்காமல், பூட்லோடர் அமைப்பில் `SIGNED_BOOT=1` என்று மட்டும் எழுதி ஒத்திகை பார்க்கும் முறை ஒன்று உண்டு. அந்த நிலையில் இருக்கும் பலகையின் பூட்லோடரைப் புதிதாக எழுதினால் பூட்டு போய்விடும். ஆனால் அதுவும் ஃபார்மட் அல்ல. பொது இடத்தில் ஓடிய கருவியை ஒத்திகை நிலையிலேயே விட்டிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதும் சரியாகாது.

ஆகவே அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ராஸ்பெர்ரி பை தளத்திலிருந்து தரவிறக்கிய வழக்கமான இயங்குதளத்தை, எந்தக் கையொப்பமும் இல்லாமல், அந்தப் பலகையில் ஓட்டிக் காட்டட்டும். விளக்கு எரிவதும் திரையில் பூட்லோடரின் தகவல்கள் தெரிவதும் போதாது, ஏனெனில் பூட்டிய பலகையும் அந்த அளவுக்கு வரும். இயங்குதளம் முழுதாகத் தொடங்கிய பின் இதைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்:

```
vcgencmd otp_dump | grep -E '^(4[7-9]|5[0-4]):'
```

கம்ப்யூட் மாட்யூல் 4 இல் 47 முதல் 54 வரையான வரிசைகள்தான் சாவிக் கைரேகைக்கு உரியவை. எட்டு வரிகளிலும் `00000000` என்று வந்தால் கைரேகை பதிக்கப்படவில்லை. ஒரு பலகையைப் பார்த்துவிட்டு மற்ற ஒன்பதை நம்பிவிடாதீர்கள். பதிவு ஒவ்வொரு சில்லிலும் தனித்தனியாக நடப்பது. பத்தையும் பாருங்கள், அல்லது இயங்காததைத் திருப்பித் தரலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பின்னொரு நாள் வேறு வகைப் பலகை வாங்கினால், ஓடிவிட்டது என்பதையே சான்றாகக் கொள்ளாதீர்கள். என்எக்ஸ்பி நிறுவனத்தின் ஐ.எம்எக்ஸ் 6, ஐ.எம்எக்ஸ் 8எம் சில்லுகளில் கைரேகையைப் பதிப்பது ஒரு படி, சில்லை 'மூடிய' நிலைக்குக் கொண்டுபோவது இன்னொரு படி. முதல் படியோடு நின்ற பலகையில் கையொப்பமில்லாத மென்பொருளும் நன்றாகவே ஓடும். ஆனால் உங்கள் சொந்தச் சாவியால் அதை ஒருநாளும் பூட்ட முடியாது, அந்த இடம் ஏற்கெனவே வேறொருவருடையது. சும்மா பழகிப் பார்க்க வாங்குபவருக்கு இது பெரிய குறையில்லை. தயாரிப்பு ஒன்றில் பொருத்த வாங்குபவருக்குப் பெரிய குறை.

விற்பவர் "ரகசியச் சாவியையே தந்துவிடுகிறேன்" என்றால்? சாவி கையில் இருந்தால் எந்த லினக்ஸையும் கையொப்பமிட்டு ஓட்டலாம், பலகை உயிர்பெறும். ஆனால் கெர்னலோ பூட் கோப்போ புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்களே கையொப்பமிட வேண்டும். மேலும், அதே சாவியால் பூட்டிய திரைகள் இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், அவை அனைத்தின் பாதுகாப்பையும் அவர் உங்களிடம் விற்கிறார் என்று பொருள். பொறுப்புள்ள நிறுவனம் இதைச் செய்யாது, நீங்களும் கேட்காதீர்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் பாதி விலை என்ன, கால் விலைக்கும் அந்தப் பலகைகள் வேண்டாம்.