அஞ்சு நாள் ஓய்வு போதுமா?

"காசிமேட்டுல பாக்ஸிங். ஆறு வாரமா ரெண்டு வேளை பயிற்சி, எடையும் குறைச்சேன். அஞ்சு நாள் ஓய்வு எடுத்தும் கை கால் கனம். ஓவர்டிரெய்னிங்கா?"

அஞ்சு நாளை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது. கடுமையான ஒரு வாரத்தோட அசதி சில நாள்ல போயிடும்; ஆறு வாரம் சேர்ந்தது ரெண்டு வாரம் இழுக்கலாம். ஓவர்டிரெய்னிங் சிண்ட்ரோம்ங்கிறது அளவுக்கு மீறின பயிற்சியால, ஓய்வெடுத்தும் உடம்பு தேறாத நிலை; அதுல இருந்து மீள மாசக்கணக்கு, சிலருக்கு வருஷமே ஆகும்.

எனக்குச் சந்தேகம் எடைக் குறைப்பு மேலதான். சோத்தைக் குறைச்சு ரெண்டு வேளை உழைச்சா இதே கனம், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும்.

ரெண்டு வாரம் கிளவுஸைத் தொடாம, வயிறார சாப்பிடுங்க. அப்புறம் பேக்ல மூணு ரவுண்டு மட்டும் போடுங்க. மூணாவது ரவுண்டுல கை பழையபடி கனத்து இறங்கினா டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பாருங்க. ஓவர்டிரெய்னிங்கை உறுதிப்படுத்த தனி டெஸ்ட் கிடையாது. மத்த காரணங்களை ஒதுக்கித்தான் முடிவுக்கு வருவாங்க.

நெஞ்சு வலி, மயக்கம், காய்ச்சல் இருந்தா காத்திருக்காதீங்க.